படத்தில் தெரிவது புள்ளியா, புடைப்பா? தோல் தடிப்பை மருத்துவரிடம் சரியாகச் சொல்லும் முறை

தோலில் ஏதேனும் தோன்றினால் அதைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்புவது இன்று பெரும்பாலான குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கும் அத்தகைய படங்கள் வந்தவண்ணம் உள்ளன. படத்துடன் வரும் செய்தி பெரும்பாலும் "உடம்பெல்லாம் அலர்ஜி" என்றோ, "சிவப்பு சிவப்பாக வந்திருக்கிறது" என்றோ நின்றுவிடுகிறது. மருத்துவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கிறது: "விரலால் தடவிப் பார்த்தீர்களா? தட்டுப்படுகிறதா?" நிறத்தை விட்டுவிட்டு உயரத்தை ஏன் கேட்கிறார் என்பது பலருக்கு விளங்குவதில்லை. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் மாக்யூல், பாப்யூல், பிளாக் என்னும் மூன்று சொற்களின் பொருளையும், ஒரு படத்தைப் பார்த்து அவற்றைச் சொல்லும்போது எங்கே தவறு நேர்கிறது என்பதையும் இங்கே காண்போம்.

மூன்று சொற்களும் அவற்றின் பொருளும்

இலண்டனில் பணியாற்றிய இராபர்ட் வில்லன் என்னும் மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் நோய்களை அவற்றின் வடிவத்தைக் கொண்டு எட்டு வகைகளாகப் பிரித்தார். தோலில் கண்ணுக்குத் தெரிவது எந்த வடிவம் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே நோயின் பெயரைத் தேட வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. இன்றும் தோல் மருத்துவர்கள் அவ்வழியிலேயே செல்கிறார்கள். மாக்யூல், பாப்யூல் என்பவை அவர் வகுத்த பட்டியலிலேயே இடம்பெற்றவை.

மாக்யூல் என்பது கறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தோலின் நிறம் மட்டும் மாறியிருக்கும். தோல் மேடாகவோ பள்ளமாகவோ இராது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அது இருக்கும் இடமே தெரியாது. தேமலின் சிறு புள்ளிகளும், தட்டையான மச்சமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய நிறமாற்றம் 1 செ.மீ. அளவுக்கு மேல் பரந்திருந்தால் அதைப் பேட்ச் என்பார்கள். அதுவும் தட்டையானதே.

பாப்யூல் என்பது 1 செ.மீ. அளவுக்கு உட்பட்ட, திடமான சிறு புடைப்பு. அதனுள் நீரோ சீழோ இராது. கண்ணை மூடினாலும் விரலுக்குத் தட்டுப்படும். மரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வியர்வைக் காலத்தில் கழுத்திலும் முதுகிலும் தோன்றும் வேர்க்குருவில் பெரும்பாலானவையும் இவ்வகையே.

பிளாக் என்பதும் தோலுக்கு மேல் உயர்ந்ததே. ஆனால் அதன் பரப்பு 1 செ.மீ. அளவுக்கு மேற்பட்டது. உயரம் குறைவாகவும் அகலம் மிகுதியாகவும், மேற்பரப்பு தட்டையாகவும் இருக்கும். மேசையின் மேல் வைத்த ஒரு தட்டைப் போன்றது என்று கொள்ளலாம். சில நேரங்களில் பல பாப்யூல்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து பிளாக் ஆகிவிடும். முழங்கையிலும் முழங்காலிலும் வெண்செதில்களுடன் காணப்படும் சொரியாசிஸ் தடிப்பு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இரத்தக்குழாய் அடைப்பைக் குறிக்கப் பேச்சில் வழங்கும் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடன் இருப்பதால், தம் மருத்துவக் குறிப்பைப் படிக்கக் கேட்டு அஞ்சியவர்கள் உண்டு. தோல்நோய்க் குறிப்பில் உள்ள பிளாக் என்னும் சொல்லுக்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை.

சில நூல்கள் எல்லையை 1 செ.மீ. என்று கொள்ளாமல் அரை செ.மீ. என்று கொள்கின்றன. எனவே 7 மி.மீ. அளவுள்ள ஒரு புடைப்பை ஒரு மருத்துவர் பாப்யூல் என்றும் மற்றொருவர் பிளாக் என்றும் எழுத இடமுண்டு. இதில் முரண்பாடு ஏதுமில்லை. நீங்கள் சொல்லின் பெயரைத் தேடி இடர்ப்பட வேண்டியதில்லை, "தட்டுப்படுகிறது, 7 மி.மீ. இருக்கிறது" என்று எழுதினால் போதும். தட்டையா உயர்ந்ததா, எத்தனை மி.மீ. என்னும் இரண்டு விவரங்களும் கிடைத்துவிட்டால், உரிய சொல்லை மருத்துவரே எழுதிக்கொள்வார்.

படம் எங்கே ஏமாற்றுகிறது

மேற்கூறிய மூன்று சொற்களும் உயரத்தையும் அளவையும் சார்ந்தவை. கைப்பேசிப் படமோ உயரத்தையும் அளவையுமே முதலில் இழக்கிறது. எஞ்சுவது நிறம். அதனால்தான் படத்தைப் பார்த்து விவரிப்பவர் எவரும் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடித்துவிடுகிறார்.

உயரம் எவ்வாறு மறைகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு புடைப்பு படத்தில் புடைப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதன் ஒரு பக்கத்தில் விழும் சிறு நிழல். கைப்பேசியின் பிளாஷ் ஒளி, படமெடுக்கும் வில்லைக்கு ஒட்டியே இருப்பதால், ஒளி தோலின் மீது நேராக விழுகிறது. நேராக விழும் ஒளியில் நிழல் விழாது. நிழல் இல்லாத புடைப்பு தட்டைப் புள்ளியாகவே பதிவாகும். நண்பகலில் நேர் மேலிருந்து விழும் வெயிலில் உழவு வயலின் வரப்புகள் மங்கித் தெரிவதும், மாலைச் சாய்வெயிலில் அதே வரப்புகள் எடுப்பாகத் தெரிவதும் இக்காரணத்தால்தான்.

எனவே பிளாஷை அணைத்துவிட்டுச் சன்னலுக்கு அருகே, ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழுமாறு படமெடுக்க வேண்டும். இரவு நேரமானால் மற்றொருவர் டார்ச் விளக்கைத் தோலின் மட்டத்துக்கு அருகே, ஏறத்தாழக் கிடையாகப் பிடிக்கலாம். இவ்வாறு சாய்வொளியில் எடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பக்கத்தில் மட்டும் நிழல் இருந்தால் அது உயர்ந்தது. எப்பக்கமும் நிழல் இல்லையென்றால் தட்டையானதாக இருக்கக்கூடும். ஆயினும் இறுதித் தீர்ப்பு விரலுக்கே உரியது. கையைக் கழுவிக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல ஒருமுறை தடவிப் பார்த்து, தெரிந்ததைப் படத்துடன் எழுதிவிடுங்கள். புண்ணாகவோ நீர்க்கசிவுடனோ இருந்தால் தொட வேண்டா. அதை அப்படியே எழுதுங்கள்.

அளவு மறைவது எளிதில் விளங்கும். மிக அருகிலிருந்து எடுத்த 3 மி.மீ. புடைப்பும், சற்றுத் தொலைவிலிருந்து எடுத்த 3 செ.மீ. தடிப்பும் திரையில் ஒரே அளவாகத் தோன்றும். ஓர் அளவுகோலையோ தையல் நாடாவையோ தோலின் அருகே வைத்துப் படமெடுத்தால் இக்குழப்பம் நீங்கும். அருகிலிருந்து ஒரு படம் மட்டும் அனுப்புவதும் போதாது. கை முழுவதுமோ முதுகு முழுவதுமோ தெரியுமாறு ஒரு படம், 20 முதல் 30 செ.மீ. தொலைவில் அளவுகோலுடன் ஒரு படம், சாய்வொளியில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் என மூன்று இருந்தால் நல்லது.

படத்துக்கு முன்பு எண்ணெய், மஞ்சள், களிம்பு எதையும் தடவாதீர்கள். எண்ணெயின் மினுமினுப்பு, தட்டையான புள்ளியையும் உயர்ந்ததுபோல் காட்டும். சொரியாசிஸ், படர்தாமரை ஆகியவற்றின் செதில்களோ எண்ணெய் பட்டதும் ஒளி ஊடுருவிக் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

நிறத்தைக் குறித்தும் ஒரு சொல். பாடநூல்களில் "சிவப்பு" என்று எழுதப்பட்டிருக்கும் அழற்சி, நம்மில் பலருடைய மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் கரும்பழுப்பாகவோ ஊதாச் சாயலாகவோதான் தோன்றும். "சிவக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று முடிவு செய்வது சரியன்று. பக்கத்தில் உள்ள இயல்பான தோலைவிட இவ்விடம் எவ்வாறு வேறுபடுகிறது என்று கண்டபடி எழுதுங்கள். கைப்பேசி நிறத்தைத் தானே மாற்றிவிடும் என்பதால், அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுப்பது மருத்துவருக்கு உதவும்.

ஒரு சொல் மாறினால் என்ன மாறும்

இந்த வேறுபாடு ஏன் இத்துணை முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். பத்து நாள்களுக்கு முன் அவனுக்குத் தொண்டை வலியும் சளியும் இருந்து நீங்கின. இப்போது இரு கால்களிலும் புள்ளிகள் தோன்றியுள்ளன. தாய் இரவில் பிளாஷ் ஒளியில் படமெடுத்து, "காலில் சிவப்புப் புள்ளிகள், அலர்ஜி போல இருக்கிறது" என்று அனுப்புகிறார். படத்தில் தெரிபவை தட்டையான செம்புள்ளிகள். படத்தை மட்டும் நம்பினால் "மாக்யூல்" என்றே எவரும் எழுதுவார்கள்.

மருத்துவர் மூன்று செய்திகளைக் கேட்கிறார். முதலாவது, தடவினால் தட்டுப்படுகிறதா? தாய் தடவிப் பார்த்து, மணல் பரப்பினாற்போல் சிறு மேடுகள் தட்டுப்படுவதாகச் சொல்கிறார். இரண்டாவது, அளவு என்ன? அளவுகோல் வைத்தால் 2 முதல் 6 மி.மீ. வரை உள்ளன. எனவே இவை பாப்யூல்கள். மூன்றாவது, தெளிவான கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்திப் பார்த்தால் நிறம் மறைகிறதா? மறையவில்லை.

மூன்றாம் கேள்வியின் காரணம் இது. சாதாரண அழற்சியில் தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் நிறம் ஏறுகிறது. அழுத்தினால் அக்குழாய்களிலுள்ள இரத்தம் விலகி நிறம் வெளிறும்; கையை எடுத்ததும் மீளும். இரத்தம் குழாயைவிட்டு வெளியே கசிந்து தோலில் தங்கியிருந்தால், அழுத்தினாலும் அது விலகிச் செல்ல வழியில்லை. நிறம் அப்படியே இருக்கும். கருநிறத் தோலில் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் உட்புறம் ஆகிய இடங்களிலும் புள்ளிகள் உள்ளனவா என்று பார்ப்பது அப்போது துணைசெய்யும்.

இரத்தக் கசிவால் உண்டான புள்ளி தட்டையாக இருந்தால், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துவிட்டனவா என்பதே முதலில் எழும் ஐயம். அதே புள்ளி விரலுக்குத் தட்டுப்படுமாறு உயர்ந்திருந்தால், நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரே அழற்சியுற்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் முன்னுக்கு வருகிறது. இச்சிறுவனின் வயது, முன்பு வந்த தொண்டை நோய், கால்களில் மட்டும் தோன்றிய உயர்ந்த புள்ளிகள் ஆகிய யாவும் சேர்ந்து ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ் என்னும் நோயைச் சுட்டுகின்றன. ஹெனோக்-ஷோன்லைன் பர்ப்யூரா என்பது இதன் பழைய பெயர்.

இதை அறிந்ததும் மருத்துவர் கேட்கும் கேள்விகள் தோலைவிட்டு வேறிடம் செல்கின்றன. வயிறு விட்டுவிட்டு வலிக்கிறதா? கணுக்காலோ முழங்காலோ வீங்கியுள்ளதா? சிறுநீரின் நிறம் மாறியுள்ளதா? அன்றே இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், சிறுநீரில் இரத்தமும் புரதமும் உள்ளனவா என்பதும், இரத்த அழுத்தமும் பார்க்கப்படும். பெரும்பாலான சிறுவர்களுக்குத் தோல் புள்ளிகள் சில வாரங்களில் தாமே மறைந்துவிடும். ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்பாதிப்பு புள்ளிகள் மறைந்த பின்னரும் தோன்றலாம். அதனால் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் சிறுநீரும் இரத்த அழுத்தமும் அவ்வப்போது சோதிக்கப்படுகின்றன. "அலர்ஜி" என்று எண்ணி ஒவ்வாமை மாத்திரை கொடுத்து, புள்ளிகள் மறைந்ததும் நலமாகிவிட்டான் என்று விட்டுவிட்டால், அந்த ஆறு மாதக் கண்காணிப்பு நடவாமலே போய்விடும்.

அதே இடம், வேறு சொல்

ஒரே இடத்துக்கு ஒரு மாதத்தில் ஒரு சொல்லும் அடுத்த மாதத்தில் மற்றொரு சொல்லும் பொருந்தலாம். நாள்பட்ட தோல் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

சொரியாசிஸ் தடிப்பை மதிப்பிடும்போது சிவப்பு, தடிமன், செதில் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறை உண்டு. சிகிச்சை பலனளிக்கும்போது செதில் குறையும், தடிப்பு தணியும். இறுதியில் தோல் தட்டையாகிவிடும். ஆனால் அந்த இடத்தில் கருமையோ வெளிறலோ பல மாதங்கள் தங்கியிருக்கும். முன்பு பிளாக் இருந்த இடத்தில் இப்போது இருப்பது வெறும் நிறக்கறை.

இரண்டு மாத இடைவெளியில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, இரண்டிலும் அதே இடத்தில் அதே அளவில் ஓர் அடையாளம் இருப்பதாகத் தோன்றும். "ஒன்றும் குறையவில்லை" என்று எண்ணி, நிறுத்தச் சொன்ன ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து தடவுவோர் உண்டு. அக்களிம்பு இந்தக் கறையை நீக்குவதில்லை. தேவையின்றி நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, வரித்தழும்புகள் தோன்றும். எனவே மறுவருகைக்கு முன் அனுப்பும் படத்துடன் "நிறம் இருக்கிறது, ஆனால் தடவினால் தட்டுப்படவில்லை" என்ற ஒரு வரியை எழுதுங்கள். களிம்பைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த வரி உதவும். அவர் சொல்லாமல் நீங்களாகவும் நிறுத்த வேண்டா.

படமும் விரலும் சொல்லாதவை

வெளிறிய தட்டையான பேட்ச் ஒன்று படத்தில் தேமல்போலவே தோன்றலாம். ஆனால் அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய் உள்ளதா என்று சோதிக்க வேண்டும். பஞ்சின் நுனியால் மெல்லத் தொடும்போது பக்கத்துத் தோலில் உணர்வது போலவே இங்கும் உணர்கிறாரா என்று கேட்டு, விடையை எழுதுங்கள். தொழுநோய் மாத்திரைகளால் குணமாகக்கூடியது. நரம்பு பாதிக்கப்படுவதற்கு முன் கண்டறிவதே முக்கியம்.

வேறு சில நிலைகளில் படமெடுத்துப் பதிலுக்குக் காத்திருப்பதே தவறு. காய்ச்சலுடன் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தோன்றினால், அவை தட்டையாயினும் உயர்ந்தவையாயினும், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். டெங்குவிலும், இரத்தத்தில் பரவிய கடும் கிருமித் தொற்றிலும் இவை தோன்றக்கூடும். புதிய மருந்தொன்றைத் தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ தோல் எரிந்து வலித்தல், கொப்புளம், வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வந்தாலும் அவ்வாறே. உதடு வீங்கி மூச்சுத் திணறினாலும் ஒரு கணமும் தாமதிக்க வேண்டா.

எழுதும் முறை

மற்ற நேரங்களில் படங்களுடன் அனுப்பும் குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. எந்த இடம், எத்தனை நாள், தட்டையா உயர்ந்ததா, எத்தனை மி.மீ., என்ன நிறம், செதில் உண்டா, அழுத்தினால் மறைகிறதா, அரிப்பு அல்லது வலி உண்டா, புதிதாக உட்கொண்ட மருந்து எது என்னும் வரிசையில் எழுதினால் போதும். மேற்கண்ட சிறுவனுக்காக அவன் தாய் எழுதக்கூடிய குறிப்பு இவ்வாறு அமையும்:

"வயது 6. இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, 2 நாள்களாக. தடவினால் தட்டுப்படும் சிறு புடைப்புகள், 2 முதல் 6 மி.மீ. ஊதாச் சிவப்பு. செதில் இல்லை. கண்ணாடியால் அழுத்தினால் மறையவில்லை. அரிப்பு இல்லை. காய்ச்சல் இல்லை. 10 நாள் முன்பு தொண்டை வலி. புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை."

இக்குறிப்பில் மாக்யூல், பாப்யூல் என்னும் சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அச்சொற்களைச் சரியாக எழுதுவதற்கு மருத்துவருக்கு வேண்டிய யாவும் இதில் உள்ளன. அவர் இதைப் படித்ததும் அனுப்பும் பதில், "நாளைக் காலை முதல் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் எடுத்துக்கொண்டு சிறுவனை அழைத்து வாருங்கள், இரவில் வயிற்றுவலி கடுமையானாலோ மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ காய்ச்சல் கண்டாலோ காலை வரை காத்திராதீர்கள்" என்பதாக இருக்கும்.